புறப்படும் நேரத்துக்கு முன்

அந்த விமான நிறுவனத்தின் நான்காவது மாடியில், ரீஃபண்ட் பிரிவில், அவளை எல்லோரும் வரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வருடமாக அவள் செய்வது ஒரே வேலை. விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கு டிக்கெட்டுப் பணம் போய்விடும். ஆனால் அதனுள் அடங்கிய விமான நிலைய வரியும் பாதுகாப்புக் கட்டணமும் பறக்காதவரிடம் வாங்கக்கூடாதவை. அவற்றைக் கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்புவது அவள் பொறுப்பு. நிறுவனமே போட்டுக்கொள்ளும் எரிபொருள் கட்டணம் மட்டும் வரி என்ற பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் வரியில்லை; அது திரும்பாது. இதை எத்தனையோ பேருக்கு ஃபோனில் எடுத்துச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறாள்.

"வரியம்மா, இன்னைக்கு எத்தனை பேருக்கு வரம் கொடுக்கப் போறீங்க?" என்று அடுத்த மேசைக்காரர் தினமும் காலையில் கேட்பார். அவர் பயணப் பைகள் தொலைந்த புகார்களைப் பார்க்கிறவர். அவர் மேசையில் அழுகைதான் அதிகம்.

"நாற்பது. உங்களால முடிஞ்சா ஒரு பெட்டியாவது கண்டுபிடிச்சுக் கொடுங்க."

"பெட்டி கிடைச்சுடும். உள்ளே இருந்தது கிடைக்கறதுதான் கஷ்டம்."

நாற்பது என்பது நிறுவனம் வைத்த இலக்கு. அன்றும் அவள் கோப்புக் கட்டைப் புரட்டியபோது, நடுவில் ஒரு விண்ணப்பத்தோடு மரணச் சான்றிதழின் நகல் இணைந்திருந்தது. விண்ணப்பித்தவர் தையல்காரர். வயது அறுபத்து நான்கு. இரண்டு மாதத்துக்கு முன், போக வர எடுத்த டிக்கெட். போகும் விமானத்துக்கு அவர் வரவில்லை என்று பதிவாகியிருந்தது. அதனால் திரும்பும் பகுதியும் தானாக ரத்தாகியிருந்தது. இரண்டு பகுதியும் பயன்படுத்தப்படவில்லை. சான்றிதழில் இறந்தவர் அவர் மனைவி. இறந்த தேதி, விமானம் புறப்பட்ட அதே தேதி.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. மற்றவர்கள் விண்ணப்பம் வரிசையில் பத்து நாளாவது காத்திருக்கும். இவருடையதை மட்டும் மேலே எடுத்து வைத்தாள். படிவத்தில் "வரிகள் மட்டும்" என்ற கட்டத்தில் குறி இருந்தது. பாவம், இந்தச் சின்னத் தொகையாவது சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று நினைத்தாள். வரிகளை ஒவ்வொன்றாகக் கூட்டினாள். ரீஃபண்ட் கட்டளையைக் கொடுத்தாள். திரையில் டிக்கெட்டின் இரு பகுதிகளுக்கும் எதிரே "திருப்பித் தரப்பட்டது" என்று மாறியது. மணி பத்து பத்து. கடவுளே, அந்த மனுஷனுக்கு ஆறுதல் கொடு என்று ஒரு நொடி கண்ணை மூடிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து, முடித்த கோப்புகளை உறையில் போட எடுத்தபோதுதான் படிவத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு தாள் கையில் பிரிந்து வந்தது. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். எழுத்து மெதுவாக, பிழை வந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு எழுதியது போல இருந்தது.

"ஐயா, அம்மா. அன்று காலை நான் விமான நிலையத்துக்கு வந்தேன். கவுன்டரில் பெட்டியையும் கொடுத்துவிட்டேன். அப்போது வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. என் மனைவி விழுந்துவிட்டாள் என்றார்கள். நான் கவுன்டரில் இருந்த பெண்ணிடம், நான் போகவில்லை, என் பயணத்தை ரத்து செய்துவிடுங்கள் என்று சொன்னேன். அந்தப் பெண் பெட்டியை எடுத்துக் கொடுத்து, நீங்க ஓடுங்க, நான் பார்த்துக்கிறேன் என்று சொன்னாள். ஃபோனில் உங்கள் ஆட்கள், நீங்கள் வராதவர் என்று இருக்கிறது, வரி மட்டும்தான் கேட்கலாம் என்கிறார்கள். அப்படியென்றால் அதைக் கொடுங்கள். ஆனால் என் டிக்கெட்டுக்கு உயிர் இருக்க வழி உண்டு என்றால் எனக்கு வரி வேண்டாம். நான் போகவிருந்த ஊரில் என் மகள் படுத்த படுக்கையாக இருக்கிறாள். ஆறாவது மாதத்திலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அவளுக்குச் சமைத்துப் போடத்தான் அன்று கிளம்பினேன். அம்மா செத்ததற்கும் அவளால் வர முடியவில்லை. வருகிற ஒன்பதாம் தேதி பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள்."

வரியம்மா தாளைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். ஒன்பதாம் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

வரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் டிக்கெட் முடிந்தது. அதன்பின் அதை மாற்றவும் முடியாது, நீட்டவும் முடியாது. அந்த மனிதர் கதவைத் தட்டி, திறக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். இவளோ வரிசையை மீறி ஓடிப்போய், அன்போடு அந்தக் கதவைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

"என்னாச்சு, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் அடுத்த மேசைக்காரர்.

"உதவி பண்றேன்னு ஒருத்தர் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டேன்."

ஒரே ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு நாளும் கொடுத்த ரீஃபண்டுகள் மாலை ஆறு மணிக்கு மொத்தமாகக் கணக்குப் பிரிவுக்குப் போகும். அதற்குள் ரத்து செய்தால் டிக்கெட் பழைய நிலைக்குத் திரும்பும். ஆறு தாண்டினால் கடவுள் வந்தாலும் அந்த எண்ணை உயிர்ப்பிக்க முடியாது. ரத்து செய்ய மேலாளரின் கையெழுத்து வேண்டும். ஆனால் அதை மட்டும் செய்து என்ன? "வராதவர்" என்ற பதிவு இருக்கும்வரை டிக்கெட் உயிரோடு வந்தாலும் நடைப்பிணம்தான்.

அவள் அந்த நாளின் செக்-இன் பதிவைத் திறந்தாள். ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பயணி ஏற்கப்பட்டார், இருக்கை ஒதுக்கப்பட்டது, ஒரு பெட்டி. எட்டு நாலுக்குப் பெட்டி நீக்கப்பட்டது, பயணி இறக்கப்பட்டார். காரணம் எழுதும் இடம் காலி. ஒன்பது பத்துக்கு விமானம் மூடப்பட்டது. ஒன்பது இருபதுக்குப் புறப்பட்டது. அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கவுன்டர்ப் பெண் அவரைப் பயணிகள் பட்டியலிலிருந்து இறக்கியிருக்கிறாள். ஆனால் முன்பதிவைத் திறந்து பயணத்தை ரத்து செய்யவில்லை. இரண்டும் வேறு வேறு திரை. இறக்கிவிட்டால் ஆள் செக்-இன் ஆகாதவராகிவிடுவார். விமானம் மூடியதும், இருக்கை வைத்துக்கொண்டு வராமல் போனவர் என்று இயந்திரம் தானாகவே முத்திரை குத்திவிட்டது.

டிக்கெட்டின் நிபந்தனைகளை அச்செடுத்துக்கொண்டு அவள் மேலாளர் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. முந்தின வருடம் தணிக்கையில் மாட்டிக்கொண்டு ஊதிய உயர்வை இழந்தவர். அன்றிலிருந்து கையெழுத்துப் போடும் முன் பேனாவை இரண்டு முறை மூடித் திறப்பார்.

"ரீஃபண்டைக் கேன்சல் பண்ணணுமா? உங்க தப்புதானே?"

"என் தப்புதான் சார். பின்பக்கம் பார்க்காம அழுத்திட்டேன். எழுதிக் கொடுத்துடறேன்."

"சரி, அது பரவாயில்லை. ஆனா 'வராதவர்'ங்கற நோ-ஷோவை எப்படி எடுக்க முடியும்? சிஸ்டம்ல என்ன இருக்கோ அதான் நமக்கு."

"சார், இதைக் கொஞ்சம் படிங்க." அவள் தாளை மேசையில் வைத்து விரலால் காட்டினாள். "'பயணி, விமானம் புறப்படும் நேரத்துக்கு முன், தம் பயணத்தை ரத்து செய்வதாக எங்களுக்கோ எங்கள் பிரதிநிதிக்கோ அறிவிக்கத் தவறினால், வராதவராகக் கருதப்படுவார்.' அறிவிக்கணும்னுதான் இருக்கு. எழுத்துல தரணும்னு இல்லை. நம்ம கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கணும்னும் இல்லை. அவர் எட்டு மணிக்குச் சொல்லிட்டார். விமானம் ஒன்பது இருபதுக்கு. கவுன்டர்ல உட்கார்ந்திருக்கறது நம்ம பிரதிநிதி இல்லாம வேற யாரு? அதைப் பதிவு பண்றது நம்ம வேலை சார். நம்ம வேலையை நாம செய்யாததுக்கு அவரா அபராதம் கட்டணும்?"

மேலாளர் அந்த வரியை மறுபடி படித்தார். அவர் அதை நூறு முறை மேற்கோள் காட்டியிருப்பார். முழுக்கப் படித்தது இப்போதுதான் என்பது போல இருந்தது முகம்.

"சொன்னார்னு யார் சொல்றது? அவரே எழுதின காகிதம். இறக்கிவிட்ட பதிவுல காரணம் இல்லை. குடிச்சிட்டு வந்தார்னு இறக்கினாலும் இதே பதிவுதான் வரும்."

"பெட்டி போட்டு பன்னெண்டு நிமிஷத்துல வாங்கிட்டுப் போனவர் சார். மனைவி அன்னைக்கே..."

"வரியம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் மனசு இருக்கு. ஆடிட்டர் மனசைப் பார்க்க மாட்டான், காகிதத்தைப் பார்ப்பான். அந்தக் கவுன்டர் ஸ்டாஃப் 'அவர் ரத்து செய்யச் சொன்னார், நான் செய்யல'ன்னு எழுதித் தரட்டும். ஆறுக்குள்ள வந்தா கையெழுத்துப் போடறேன். வரலைன்னா வரிதான்."

பதிவில் இருந்த ஊழியர் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. விமான நிலையத்தில் அந்தப் பெண் மதிய ஷிஃப்டில் இருந்தாள். ஃபோனில் பின்னால் அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலித்தன.

"தையல்காரரா அக்கா? எப்படி மறப்பேன்! ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டே ரத்து பண்ணிடுங்கன்னார். நான்தான் பெட்டியை வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போய் டாக்ஸியில ஏத்தினேன். திரும்பி வந்தா வரிசை கத்திக்கிட்டு இருந்தது. அந்த அம்மா நல்லாயிட்டாங்களா?"

"இல்லம்மா. அன்னைக்கே போயிட்டாங்க."

வரியம்மா விஷயத்தைச் சொன்னாள். ரத்து செய்யாமல் விட்டதை, இயந்திரம் முத்திரை குத்தியதை, ஆறு மணியை.

"அக்கா..." பெண்ணின் குரல் மெலிந்தது. "எனக்கு அடுத்த மாசம் வேலை நிரந்தரம் ஆகணும். ஃபைல்ல ஒரு எழுத்து ஏறினாலும் தள்ளிப்போட்டுடுவாங்க. எங்க வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன். நான் அவருக்கு நல்லதுதானே அக்கா நினைச்சேன்?"

"நல்லதுதான் நினைச்சே. நானும் இன்னைக்குக் காலையில நல்லதுதான் நினைச்சேன்." தான் செய்ததை அவளிடம் மறைக்காமல் சொன்னாள். "ஓடிப்போய் உதவி பண்ணினதுல ஆளுக்கு ஒரு வேலையைப் பாதியில விட்டிருக்கோம். என் பாதியை நான் எழுதிக் கொடுத்துட்டேன். உன்னை எழுதுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. உன் சோறு அது. யோசிச்சுக்கோ. நீ எழுதலைன்னாலும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டேன்."

"அவர் ஏதாவது என்னைப் பத்தி எழுதியிருக்காரா?"

"நீ 'ஓடுங்க'ன்னு சொன்னதை எழுதியிருக்கார். குறையா எழுதல."

பெண் ஃபோனை வைத்துவிட்டாள்.

நாலரை ஆனது. ஐந்து ஆனது. வரியம்மா வேறு கோப்புகளைப் பார்க்க முயன்றாள். எண்கள் கண்ணில் நிற்கவில்லை. அடுத்த மேசைக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அன்று அவர் கிண்டல் ஒன்றும் செய்யவில்லை. ஆண்டவனே, அந்தப் பெண்ணுக்கும் கெடுதல் வேண்டாம், இந்த மனுஷனுக்கும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். இரண்டும் ஒன்றாக நடக்க வழியில்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. வேண்டுதலுக்கு நிபந்தனை வாசகம் தெரியாதல்லவா.

ஐந்து முப்பத்தைந்துக்கு மின்னஞ்சல் வந்தது. நாலே வரி. "பயணி எட்டு மணி அளவில் என் கவுன்டரில் பயணத்தை ரத்து செய்யச் சொன்னார். செய்வதாக ஒப்புக்கொண்டேன். இறக்கினேன், முன்பதிவை ரத்து செய்ய மறந்துவிட்டேன். தவறு என்னுடையது." கடைசி வரியை எழுத அவசியமே இல்லை. எழுதியிருந்தாள்.

மேலாளர் பேனாவை இரண்டு முறை மூடித் திறந்து கையெழுத்திட்டார். "அந்தப் பொண்ணு பேரில மெமோ போகத்தான் செய்யும். என்னால நிறுத்த முடியாது" என்றார் தலையைத் தூக்காமல். "உங்களுக்கும்தான்."

"தெரியும் சார்."

ஐந்து நாற்பத்தெட்டுக்கு ரீஃபண்ட் ரத்தானது. டிக்கெட்டின் இரு பகுதிகளும் மறுபடி திறந்தன. "வராதவர்" நீங்கியது. இனி அது முன்கூட்டி ரத்து செய்த டிக்கெட், தேதி மாற்றலாம். மாற்றக் கட்டணம் உண்டு. ஆனால் கணவனோ மனைவியோ இறந்தால் சான்றிதழ் பேரில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று நிபந்தனையிலேயே இருந்தது. அதையும் செய்தாள். அப்புறம்தான் ஒன்பதாம் தேதிக்கு முன்னால் உள்ள விமானங்களைத் திறந்தாள்.

இருக்கைகள் இருந்தன. அவர் வாங்கிய மலிவு வகுப்பில் ஒன்றுகூட இல்லை. மாற்றக் கட்டணம் தள்ளுபடி ஆகலாம். மேல் வகுப்புக்கான விலை வித்தியாசம் ஆகாது. நிபந்தனை இரண்டையும் தனித்தனி வரியில் வைத்திருந்தது. மரணச் சான்றிதழ் முதல் வரியோடு நின்றுவிட்டது. வித்தியாசம், டிக்கெட்டின் விலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அவருடைய வகுப்பில் முதல் இடம் இருபத்து மூன்றாம் தேதிதான் இருந்தது.

அவள் அவருக்கு ஃபோன் செய்தாள். தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டு, நின்றது.

"சொல்லுங்கம்மா."

டிக்கெட் பிழைத்துவிட்டது என்று சொன்னபோது அவர் "அப்படியா" என்றார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தில் அவளுக்கு அடுத்ததைச் சொல்ல நாக்கு வரவில்லை. ஆனாலும் சொன்னாள். வித்தியாசத்தையும் சொன்னாள், தேதியையும் சொன்னாள்.

"அவ்வளவு நம்மால ஆகாதும்மா. ஆஸ்பத்திரிக் கடனுக்கே இன்னும் தச்சுக்கிட்டு இருக்கேன்." "இருபத்து மூணுன்னா குழந்தை பொறந்து ரெண்டு வாரம் ஆயிருக்கும்."

"ஆமாங்க."

"பிரசவத்தப்போ பக்கத்துல யாராச்சும் இருக்கணும்னு அவ அம்மா சொல்லிக்கிட்டே இருப்பா." அவர் இருமினார். "சரிம்மா. இருபத்து மூணே போடுங்க. பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"தினமும் பார்க்கறேன் ஐயா. யாராவது கேன்சல் பண்ணி உங்க வகுப்புல இடம் திறந்தா உடனே மாத்திடறேன்."

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றவர், நினைவு வந்தது போலக் கேட்டார். "அந்தக் கவுன்டர்ப் பொண்ணு நல்லா இருக்காளா? அவளுக்கு ஒண்ணும் தொந்தரவு வரலையே?"

வரியம்மா பொய் சொல்லத் தெரியாதவள். "கொஞ்சம் வரும் ஐயா" என்றாள்.

"நான் காகிதம் எழுதாமலே இருந்திருக்கலாம்" என்றார் மெல்ல.

தினமும் காலையில் நாற்பதைத் தொடங்கும் முன் அவள் அந்தத் திரையைத் திறந்தாள். ஒருநாள் ஓர் இடம் திறந்தது. அவள் கட்டளை கொடுப்பதற்குள் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் தேதி வந்து போனது. அந்த வாரமே கவுன்டர்ப் பெண்ணின் நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போன கடிதமும் வந்தது. அவள் வரியம்மாவுக்கு ஃபோன் செய்து, "அழுதுட்டேன் அக்கா, இப்ப பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வைத்தாள். மாலையில் வீட்டுக்குப் போகும் பேருந்தில் வரியம்மா அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டாள். அதுதான் அவளால் ஆனது.

இருபத்து மூன்றாம் தேதி காலை, எட்டரைக்கு, அந்தப் பெண்ணே கூப்பிட்டாள்.

"அக்கா, தையல்காரர் வந்துட்டார். நான்தான் செக்-இன் பண்ணினேன். உள்ளே போயிட்டார்."

"ஏதாவது சொன்னாரா?"

"என்னைப் பார்த்ததும் மன்னிச்சுடும்மான்னார். எதுக்குன்னு எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் ஃபோன்ல பேத்தி படம் காட்டினார். பாட்டி ஜாடைதான், நெத்தி அப்படியே இருக்குன்னார். அதைச் சொல்லிட்டு அங்கேயே நின்னுட்டார் அக்கா. போர்டிங் பாஸைக் கையில வெச்சுக்கிட்டு, படத்தையே பார்த்துக்கிட்டு."

"பின்னால வரிசை இருந்திருக்குமே?"

"நீளமா இருந்தது. வரிசையில முதல்ல நின்னவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தையல்காரர் முகத்தைப் பார்த்துட்டு, தன் பெட்டியைக் கொஞ்சம் பின்னால இழுத்துக்கிட்டார். அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லல அக்கா. அவரா நகர்ற வரைக்கும் எல்லாரும் நின்னாங்க."